சக்கரம் சுற்றினால் போதுமா, வண்டி நகர வேண்டாமா?

கேள்வி: “மகனும் நண்பர்களும் பசுந்தீவனம் விற்கும் ஸ்டார்ட்அப் நிறுவனம் நடத்துகிறார்கள். முதலீடு செய்ய முன்வந்த ஒருவர், நிறுவனர் பற்றிய அறிமுகத்தைச் சில வரிகளில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அதில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது?”

– வாசகர், புழல்.

பதில்: வாசகர் அனுப்பிய கடிதத்தில் கணக்கு விவரங்கள் தெளிவாக இருக்கின்றன. அதனால் அவற்றை வைத்தே பதில் சொல்லிவிடலாம். இதேபோல் தொழில் தொடங்கியிருக்கும் மற்ற இளைஞர்களுக்கும் இது உதவும்.

வடசென்னையில் புழல், மாதவரம், திருவொற்றியூர் பக்கம் இன்றும் வீட்டோடு மாடு வளர்ப்பவர்கள் நிறைய. மாடு உண்டு, புல்லுக்கு நிலம் இல்லை. இந்தக் குறையைப் பார்த்துத்தான் மூன்று இளைஞர்கள் சென்ற ஆண்டு ஜூன் மாதம் தொழிலை ஆரம்பித்தார்கள். சோழவரம், பொன்னேரி பகுதியில் 11 விவசாயிகள் இவர்களை நம்பி 9 ஏக்கரில் கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நட்டிருக்கிறார்கள். விடிவதற்கு முன் அறுத்து, இயந்திரத்தில் நறுக்கி, இரண்டு குட்டி யானை வண்டிகளில் ஏற்றி, காலை 6 மணிக்குள் மாட்டுக்காரர் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறார்கள். விவசாயிக்குக் கிலோவுக்கு ரூ.2.50. மாட்டுக்காரரிடம் வாங்குவது ரூ.5.

இந்த ஆகஸ்ட் நிலவரப்படி 46 பேர் தினமும் வாங்குகிறார்கள். ஒரு நாளைக்கு 2,800 கிலோ போகிறது. மாத விற்பனை ரூ.4,20,000.

ஆனால் முதலீட்டாளருக்காக நண்பர்கள் எழுதிய அறிமுகத்தில் இருப்பது வேறு: “500 விவசாயிகள், 300க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய் விற்பனை, ஆசியாவின் முதன்மைத் தீவன நிறுவனமாக வளர்வதே இலக்கு.”

500 என்பது புல் சாகுபடிக் கூட்டங்களுக்கு வந்து பெயர் எழுதிக் கொடுத்தவர்களின் எண்ணிக்கையாம். 300 என்பது வாட்ஸ்அப் குழுவில் உள்ள எண்கள். ஒரு கோடி என்பது அடுத்த ஆண்டு நடக்கும் என்று நினைப்பது. “எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்” என்று மகன் சொல்கிறார். வாசகருடைய பயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கணக்கே காட்டிக்கொடுக்கும்

இந்த அறிமுகத்தை மாடு வளர்த்த அனுபவமுள்ள ஒருவர் படித்தால் என்ன செய்வார்? 2,800 கிலோவை 300 பேருக்குப் பங்கு போட்டுப் பார்ப்பார். ஆளுக்கு 9 கிலோ சொச்சம் வரும். ஒரு கறவை மாட்டுக்கே தினமும் 15 முதல் 25 கிலோ பசுந்தீவனம் வேண்டும். அப்படியானால் 300 பேரும் அரை மாடுதான் வளர்க்கிறார்களா? அதே 2,800 கிலோவை 46 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 61 கிலோ. மூன்று, நான்கு மாடு வைத்திருப்பவருக்குச் சரியாகப் பொருந்துகிறது.

ஒரு கோடி ரூபாய் விற்பனையையும் இப்படியே சோதிக்கலாம். கிலோ ரூ.5 என்றால் ஆண்டுக்கு 20 லட்சம் கிலோ, அதாவது தினமும் ஏறக்குறைய 5.5 டன் விற்க வேண்டும். கோ-5 புல்லை முதல் முறை 75 முதல் 80 நாளிலும், பிறகு 45 நாளுக்கு ஒரு முறையும் அறுக்கலாம். ஆண்டுக்கு ஏக்கருக்கு 150 டன் வரை விளையும் என்றாலும், இவர்களுடைய வயல்களில் கிடைப்பது 112 டன் அளவு. 9 ஏக்கரை 45 பாகமாக்கினால் தினம் 20 சென்ட் அறுவடைக்கு வரும். அதில் 2.8 டன் கிடைக்கிறது. 5.5 டன் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 18 ஏக்கர் வேண்டும். நிலம் 9 ஏக்கர்தான். மீதிப் புல் எங்கிருந்து வந்தது?

வேளாண் தொழிலில் முதலீடு செய்கிறவர்கள் இதைத் தெரிந்துதான் கேட்பார்கள். பணம் போடுவதற்கு முன் வங்கிக் கணக்கு அறிக்கை கேட்பார்கள். வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து ஐந்து பேரைத் தாங்களே எடுத்து, போனில் பேசுவார்கள். வயலுக்கு ஒரு நடை வருவார்கள். இதற்கெல்லாம் முன்பே, ஒரு எண் இன்னொரு எண்ணோடு பொருந்துகிறதா என்று காகிதத்திலேயே பார்த்துவிடுவார்கள்.

தப்பித் தவறி யாரும் பார்க்காமல் பணம் வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். முதலீட்டு ஒப்பந்தத்தில், தாங்கள் கொடுத்த தகவல்கள் எல்லாம் உண்மை என்று நிறுவனர்கள் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு பொய் என்று தெரிந்தால் வழக்கு வரை போகலாம். கார் பழுது பார்க்கும் சேவை நடத்திய கோமெக்கானிக் நிறுவனத்தில் 2023 ஜனவரியில் நடந்ததைப் பலரும் செய்தியில் படித்திருப்பார்கள். வளர்ச்சியைத் துரத்தியதில் நிதிக் கணக்கைக் காட்டுவதில் தவறு செய்துவிட்டதாக நிறுவனர்களில் ஒருவரே பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். ஊழியர்களில் பெரும்பகுதியினர் வேலை இழந்தார்கள்.

இங்கே வேலை இழப்பதற்கு ஊழியர்கள் அதிகம் இல்லை. ஆனால் 11 விவசாயிகள் இருக்கிறார்கள். கோ-5 புல்லை ஒரு முறை கரணை நட்டால் சில ஆண்டுகள் நிற்கும். நெல்லையும் வேர்க்கடலையையும் விட்டுவிட்டு நட்டவர்கள் அவர்கள். நிறுவனம் சரிந்தால் வயலில் முற்றிய புல்லை யார் வாங்குவது?

டிராக்‌ஷன் என்றால் என்ன?

முதலீட்டாளர்கள் அடிக்கடி கேட்கும் சொல் டிராக்‌ஷன். சேற்று வயலில் டிராக்டர் இறங்கினால் சக்கரம் வேகமாகச் சுற்றும், வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். சக்கரம் மண்ணைப் பிடித்தால்தான் வண்டி நகரும். அந்தப் பிடிப்புக்குத்தான் டிராக்‌ஷன் என்று பெயர். தொழிலிலும் அதே பொருள்தான். வாட்ஸ்அப் குழுவில் 300 பேர் இருப்பது சக்கரம் சுற்றுவது. 46 பேர் தினமும் காசு கொடுத்து வாங்குவது வண்டி நகர்வது.

ஆகவே முதலில் “வாடிக்கையாளர்” யார் என்பதற்கு ஒரு வரையறை வைத்துக்கொள்ள வேண்டும். கடந்த 30 நாளில் வாங்கி, காசும் கொடுத்தவர் மட்டுமே வாடிக்கையாளர். அடுத்து, வளர்ச்சியைக் காட்ட இரண்டு தேதிகள் வேண்டும். பிப்ரவரியில் 24 பேர், 1.4 டன். ஆகஸ்டில் 46 பேர், 2.8 டன். ஆறு மாதத்தில் இரட்டிப்பு. இதைவிடப் பெரிய சேதி ஒன்று வாசகர் கடிதத்தின் ஓரத்தில் இருக்கிறது. பிப்ரவரியில் வாங்கிய 24 பேரில் 21 பேர் இன்றும் வாங்குகிறார்கள். புதிதாக ஆள் பிடிப்பது விளம்பரத்தாலும் நடக்கும். பழைய ஆள் நிற்பது புல் நன்றாக இருந்து, வண்டியும் நேரத்துக்கு வந்தால்தான் நடக்கும். பிள்ளைகள் எழுதிய அறிமுகத்தில் இந்த வரியே இல்லை.

விற்பனைக்கும் வசூலுக்கும் உள்ள வித்தியாசத்தையும் மறைக்கக் கூடாது. மாட்டுக்காரர்கள் பால் காசு வந்த பிறகுதான் புல் காசு கொடுப்பார்கள். இன்றைய தேதியில் நிலுவை ரூ.1,68,000. அதாவது 12 நாள் விற்பனை வெளியே நிற்கிறது. கேட்டால் சொல்லத் தயாராக இருக்க வேண்டிய எண் இது.

லாபக் கணக்கும் அப்படியே. கிலோ ரூ.5 விற்பனையில் விவசாயிக்கு ரூ.2.50 போகிறது. நறுக்குவதற்கும் ஏற்றி இறக்குவதற்கும் 70 பைசா, வண்டிக்கும் டிரைவருக்கும் ரூ.1.10, வாடிப்போய்க் கழிவது 20 பைசா. நிற்பது 50 பைசா. மாதத்துக்கு ரூ.42,000 ஆகிறது. மூன்று நிறுவனர்களுக்கும் இன்னும் சம்பளம் எடுக்கவில்லை. ஆகவே “லாபத்தில் இயங்குகிறது” என்று எழுத முடியாது. “நேரடிச் செலவு போகக் கிலோவுக்கு 50 பைசா நிற்கிறது” என்று எழுதலாம். அதுவே உண்மை. அது போதும்.

சின்ன எண்ணுக்கு வெட்கப்பட வேண்டாம்

46 பேர் என்று எழுதினால் சிரிப்பார்களோ என்பது மகனுடைய தயக்கம். புழலிலிருந்து அதிக தூரமில்லாத ராயபுரத்தில் 1970இல் ஆர்.ஜி.சந்திரமோகன் என்ற 21 வயது இளைஞர் ரூ.13,000 முதலில், 250 சதுர அடி இடத்தில் குச்சி ஐஸ் தயாரிக்க ஆரம்பித்தார். முதல் ஆண்டு விற்பனை சுமார் ஒன்றரை லட்சம். பின்னாளில் அதுதான் அருண் ஐஸ்கிரீமாகவும், ஹட்சன் அக்ரோ நிறுவனமாகவும் வளர்ந்தது. இன்று அந்த நிறுவனத்துக்குப் பால் ஊற்றுகிற விவசாயிகள் தமிழகம் முழுக்க இருக்கிறார்கள்.

அவர் அன்றைக்கு ஓர் அறிமுகம் எழுதியிருந்தால் அதில் சொல்வதற்கு ஐஸ், ஒரு சிறு அறை, ஒன்றரை லட்சம் விற்பனை ஆகியவைதான் இருந்திருக்கும். ஆனால் போட்ட முதலைப்போல் பதினோரு மடங்குக்கு மேல் விற்றுவரவு என்பது, கணக்குத் தெரிந்த எவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். எண் சிறியதா பெரியதா என்பதைவிட, எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம் என்பதே முக்கியம்.

குழுவைப் பற்றி எழுதும்போது

பட்டங்களை வரிசையாக அடுக்குவது வழக்கம். முதலீட்டாளர் தேடுவது வேறு: இந்த வேலைக்கு இந்த ஆட்கள் ஏன் பொருத்தம்? வாசகரின் மகன் வேளாண்மை படித்தவர், புல் வயல்களைப் பார்த்துக்கொள்கிறார். இரண்டாவது நண்பர் பார்சல் நிறுவனத்தில் வண்டிகளை வழிநடத்திய அனுபவம் உள்ளவர், போக்குவரத்தும் கணக்கும் அவர் பொறுப்பு. மூன்றாமவர் திருவொற்றியூரில் மூன்று தலைமுறையாக மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. மாட்டுக்காரர்கள் இவர் சொல்வதைக் கேட்கிறார்கள், கடன் வசூலும் இவர் கையில். விளைச்சல், வண்டி, வாடிக்கையாளர் மூன்றுக்கும் தலைக்கு ஒருவர் இருக்கிறார் என்பதைச் சொன்னாலே குழு விளங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. தொடக்கத்தில் நான்காவதாக ஒரு நண்பர் இருந்து, பிறகு வெளிநாடு போய்விட்டதாக வாசகர் எழுதியிருக்கிறார். நிறுவனப் பதிவில் அவர் இன்னும் இயக்குநராக இருக்கிறார். பதிவு செய்த கம்பெனியின் இயக்குநர் பட்டியலை யாரும் அரசு இணையதளத்தில் பார்க்கலாம். அறிமுகத்தில் மூன்று பேர், பதிவில் நான்கு பேர் என்றிருந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். அவருடைய பங்கு என்ன ஆயிற்று என்பதை ஆடிட்டரை வைத்து எழுத்தில் முடித்துவிட்டு அறிமுகத்தை அனுப்புவது நல்லது.

இலக்கு வயலிலிருந்து வர வேண்டும்

“ஆசியாவின் முதன்மை” என்ற வரியை யாரும் சோதிக்க முடியாது. அதனால் அதற்கு மதிப்பும் இல்லை. இவர்களுடைய உண்மையான அடுத்த படி மழைக்காலத்தில் இருக்கிறது. சென்ற டிசம்பரில் வயலில் தண்ணீர் நின்று 9 நாள் புல் அறுக்க முடியவில்லை. 7 வாடிக்கையாளர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள், 4 பேர்தான் திரும்பினார்கள். இந்தத் தோல்வியை அறிமுகத்தில் மறைத்திருக்கிறார்கள். இதை எழுதினால்தான் இலக்குக்கு உயிர் வரும்.

மழைக்கு முன்பே ஊறுகாய்ப்புல் தயாரித்து வைத்தால் இந்த இடைவெளியை அடைக்கலாம். தினசரித் தேவையில் பாதி, அதாவது 1.4 டன் வீதம் 40 நாளுக்கு 56 டன் இருப்பு வேண்டும். மக்காச்சோளத்தைக் கதிர் பால் முற்றும் பருவத்தில் அறுத்து, நறுக்கி, காற்றுப் புகாமல் அழுத்தி மூடினால் 45 நாளில் தயாராகும். கோ-5 புல்லில் சர்க்கரைச் சத்து குறைவு, ஈரம் அதிகம். அதைப் பயன்படுத்தினால் அறுத்துச் சில மணி நேரம் வாட்டி, 2 சதவிகிதம் அளவுக்கு வெல்லப்பாகு சேர்க்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் புளிப்பு வாசனைக்குப் பதில் அழுகல் நாற்றம் வரும். மாடு தொடாது. அக்டோபருக்குள் தயாராக வேண்டுமானால் ஆகஸ்டிலேயே மூட வேண்டும். ஆகவே இந்த ஆண்டுக்கு ஒரு பகுதி, அடுத்த ஆண்டுக்கு முழு அளவு என்று எழுதுவதே நடக்கக்கூடியது.

வளர்ச்சி இலக்கையும் நிலத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டில் 200 பேர் என்றால் தினம் ஏறக்குறைய 12 டன். அதற்கு 39, 40 ஏக்கர் வேண்டும். இப்போது இருப்பது 9. புதிதாக நட்ட வயல் முதல் அறுவடைக்கு 75 நாளுக்கு மேல் எடுக்கும் என்பதால், நடவு முந்த வேண்டும், வாடிக்கையாளர் பிந்த வேண்டும்.

எழுதிப் பார்த்தால்

முதல் வரியில் என்ன தொழில் என்று சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் புதிய நிறுவனங்களுக்குப் பணம் தரும் ஒய் காம்பினேட்டர் அமைப்பின் விண்ணப்பத்தில், நிறுவனம் என்ன செய்கிறது என்பதை 50 எழுத்துக்குள் சொல்லச் சொல்கிறார்கள். அவ்வளவு இறுக்க வேண்டாம். ஆனால் ஒரு வாக்கியத்துக்கு மேல் போகக்கூடாது. வாசகரின் மகன் எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“சோழவரம், பொன்னேரி வயல்களில் விளையும் பசும்புல்லை நறுக்கி, வடசென்னையில் மாடு வளர்ப்போர் வீட்டுக்குத் தினமும் காலை 6 மணிக்குள் கொண்டு சேர்க்கிறோம்.

ஆகஸ்டில் 46 பேர் தினம் 2.8 டன் வாங்குகிறார்கள். பிப்ரவரியில் 24 பேர், 1.4 டன். அந்த 24 பேரில் 21 பேர் இன்றும் வாங்குகிறார்கள். மாத விற்பனை ரூ.4.2 லட்சம், நேரடிச் செலவு போகக் கிலோவுக்கு 50 பைசா நிற்கிறது.

நிறுவனர்கள் மூவர்: வேளாண் பட்டதாரி வயலைப் பார்க்கிறார். பார்சல் துறை அனுபவமுள்ளவர் வண்டியையும் கணக்கையும் பார்க்கிறார். மாடு வளர்க்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர் விற்பனையையும் வசூலையும் பார்க்கிறார்.

சென்ற டிசம்பர் மழையில் 9 நாள் புல் தர முடியாமல் 3 வாடிக்கையாளர்களை நிரந்தரமாக இழந்தோம். ஊறுகாய்ப்புல் இருப்பு வைத்து அதைச் சரிசெய்து, இரண்டு ஆண்டில் 40 ஏக்கர் புல்லும் 200 மாடு வளர்ப்போரும் என்ற அளவை எட்டுவது இலக்கு.”

இதில் எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டலாம். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டத்துக்கோ, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் தொழில் காப்பகத்துக்கோ விண்ணப்பித்தாலும் இதே விவரங்கள் பயன்படும்.

கேள்வி: “எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் இப்படி எழுதி முதலீட்டாளரிடம் பங்குப் பணம் வாங்கலாமா?”

– வாசகர், பொன்னேரி.

பதில்: உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் வெளி முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்க முடியாது. கம்பெனிச் சட்டப்படி உற்பத்தியாளர்களும் உற்பத்தியாளர் அமைப்புகளும் மட்டுமே உறுப்பினராகலாம். உங்களுக்கு உள்ள வழி கடனும் மானியமும். 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் சேர்ந்திருந்தால், உறுப்பினருக்கு ரூ.2,000 வரை, நிறுவனத்துக்கு அதிகபட்சம் ரூ.15 லட்சம் வரை, உறுப்பினர்கள் போட்ட பங்குத் தொகைக்கு இணையாக மானியம் கிடைக்கும்.

கடன் கேட்கும்போது வங்கிக்கும் இதே அறிமுகத்தைக் கொடுக்கலாம், ஒரே ஒரு மாற்றத்தோடு. முதலீட்டாளர் எவ்வளவு வளரும் என்று பார்ப்பார். வங்கி திருப்பிக் கட்டுமா என்று பார்க்கும். ஆகவே வசூல், நிலுவை, உறுப்பினர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே விளைபொருளை நிறுவனத்துக்குக் கொடுக்கிறார்கள் என்ற மூன்றையும் முன்னால் எழுதுங்கள். பங்கு வாங்கிய 600 பேரில் 90 பேர்தான் நெல் போடுகிறார்கள் என்றால், 90 என்றே எழுதுங்கள்.